அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் வருமா? அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கான கேள்வி பதில்

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கிளாஸ் அட்வைசரின் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்விகள் இவை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி பெறாத கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கு 2017, 2021 ஒழுங்குமுறைகளின்படி பதில் எழுதியிருக்கிறேன். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் விதிகள் வேறு. அங்கே படிப்பவர்கள் தங்கள் கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஹால் டிக்கெட் வாங்க எத்தனை சதவீதம் இருக்கணும்?

75 இருந்தால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், ஹால் டிக்கெட் வந்துவிடும். 65 முதல் 74 வரை இருந்தால், அந்தக் குறைவுக்கு உடல்நிலையோ விளையாட்டுப் போட்டியோ காரணமாக இருந்து, அதைச் சான்றிதழோடு காட்டினால் மட்டுமே தேர்வு எழுதலாம். இதைத்தான் கண்டோனேஷன் என்று சொல்கிறோம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு இல்லை, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது.

75 என்பது முழு எண்ணுக்கு அருகாக்கிய பிறகு வரும் எண். ஆகவே 74.5 இருந்தாலே 75 ஆகிவிடும். 74.4 என்றால் அது 74-தான்.

ஒரு பாடத்தில் மட்டும் 60 சதவீதம்தான் இருக்கு. அந்தப் பேப்பரை எழுத விடமாட்டாங்களா?

விடுவார்கள். இணைப்புக் கல்லூரிகளில் பார்ப்பது எல்லாப் பாடத்தையும் சேர்த்த மொத்த அட்டெண்டன்ஸை. ஒரு பாடத்தில் 60 இருந்தாலும் மற்றவற்றில் 85, 90 என்று இருந்து மொத்தம் 75-ஐத் தொட்டால் எல்லாத் தேர்வும் எழுதலாம். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மொத்தம் விழுந்தால் எல்லாப் பேப்பரும் ஒன்றாகப் போகும், நூறு சதவீதம் வைத்திருக்கும் பாடம் உட்பட.

கிண்டி வளாகம், எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழகத் துறைகளில் கணக்கு பாடவாரியாகப் போகும். அங்கே படிக்கும் நண்பர் சொல்வதைக் கேட்டு இங்கே பயப்பட வேண்டாம், தைரியமாகவும் இருக்க வேண்டாம்.

காலேஜ் ஆப்பில் 73 காட்டுது. எச்.ஓ.டி. கண்டோனேஷன் எழுதிக் கொடுக்கச் சொல்றார். கணக்கு சரிதானான்னு எப்படிப் பார்ப்பது?

முதலில் வகுக்கும் எண் எது என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒழுங்குமுறை தரும் கணக்கு இது:

```
சதவீதம் = (எல்லாப் பாடத்திலும் வந்த மொத்த பீரியட் × 100) ÷ (பாடத்திட்டப்படி வாரத்துக்கான பீரியட் × 15)
```

உங்கள் செமஸ்டருக்குப் பாடத்திட்டத்தில் வாரத்துக்கு 30 பீரியட் போட்டிருந்தால், வகுக்கும் எண் 450. கல்லூரி எத்தனை வகுப்பு நடத்தினாலும் அது 450-தான். கோச்சிங், மாடல் தேர்வு என்று குறிப்பிட்ட பீரியடுக்கு மேலே கல்லூரி எவ்வளவு வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம், ஆனால் தேர்வுத் தகுதிக் கணக்கில் அவை வராது என்று விதியே சொல்கிறது.

கல்லூரி ஆப்கள் பல, நடந்த வகுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு வகுத்துவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாடத்திட்ட பீரியட் 450-இல் நீங்கள் 336-க்கு வந்திருக்கிறீர்கள். அதற்கு மேல் 20 பீரியட் ஸ்பெஷல் கோச்சிங் நடந்தது, அதில் 8-க்கு மட்டும் வந்தீர்கள். ஆப் 344-ஐ 470-ஆல் வகுக்கும், 73.2 என்று காட்டும். கோச்சிங்கை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 336-ஐ 450-ஆல் வகுத்தால் 74.67, அருகாக்கினால் 75. உங்களுக்குக் கண்டோனேஷனே தேவையில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாடவாரியாக வந்த பீரியட் பட்டியலைக் கேட்டு வாங்கி, எது பாடத்திட்ட வகுப்பு, எது கூடுதல் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த அலுவலகமும் மறுக்காது.

இதே கணக்கை முன்கூட்டியும் பயன்படுத்தலாம். 450 பீரியட் உள்ள செமஸ்டரில் 336-க்கு வர வேண்டும் என்றால், விடக்கூடியது 114 பீரியட். ஒரு நாளைக்குப் பாடத்திட்ட வகுப்பு 6 என்றால் 19 நாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 114 என்று எழுதி வைத்து, விட்ட பீரியடைக் கழித்துக்கொண்டே வாருங்கள். சதவீதம் வாரத்துக்கு வாரம் ஏறும் இறங்கும், மனசைக் குழப்பும். மீதியுள்ள பீரியட் அப்படிக் குழப்பாது.

மதியம் மட்டும் லீவு போட்டால் அரை நாள்தானே?

நாள் கணக்கு இல்லை, பீரியட் கணக்கு. மதியம் லேப் இருந்தால் மூன்று, நான்கு பீரியட் ஒரேயடியாகப் போகும். காலையில் பஸ் தாமதமாகி முதல் வகுப்பை மட்டும் விட்டால் ஒன்றுதான் போக வேண்டும். அதற்கு அரை நாள் ஆப்சென்ட் போடுவது கல்லூரியின் உள் ஒழுங்கு. தேர்வுத் தகுதிக் கணக்கில் அது நுழைந்திருந்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மழை லீவு விட்ட நாளெல்லாம் கணக்கில் வருமா?

வகுக்கும் எண் மாறாது என்பதால் இது முக்கியமான கேள்வி. புயல் வந்து ஒரு வாரம் கல்லூரி மூடியிருந்தாலும் 450 என்பது 450-ஆகவே நிற்கும். பாடத்திட்டத்தில் உள்ள பீரியட் அத்தனையும் நடக்கிறதா என்று பார்ப்பது முதல்வரின் பொறுப்பு. அதனால்தான் அப்புறம் சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை வகுப்பைக் கூடுதல் வகுப்பு என்று நினைத்து ஊருக்குக் கிளம்பிவிடுகிற பிள்ளைகள் நிறைய. அது கூடுதல் இல்லை, மழையில் போன பீரியட்தான் திரும்பி வருகிறது. அதை விட்டால் 114-இலிருந்து கழியும்.

டெங்கு வந்து ரெண்டு மூணு வாரம் வரலை. மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் அந்த நாளுக்கெல்லாம் பிரசென்ட் போட்டுவிடுவாங்களா?

போட மாட்டார்கள். போடவும் கூடாது. நான் பார்த்த வரையில் மாணவர்களும் பெற்றோரும் இந்த ஒரு இடத்தைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட் சதவீதத்தை ஒரு புள்ளி கூட ஏற்றாது. 65 முதல் 74 வரை உள்ளவரைத் தேர்வு எழுத அனுமதிப்பது மட்டுமே அதன் வேலை. 75-க்கு மேல் இருப்பவருக்கு அது தேவையில்லை, 65-க்குக் கீழே இருப்பவருக்கு அது உதவாது.

ஒரு மாணவனை வைத்துப் பார்ப்போம். அதே 450 பீரியட் செமஸ்டர், நாளைக்கு 6 பீரியட். அக்டோபர் கடைசியில் டெங்கு. ஆஸ்பத்திரியும் வீட்டில் ஓய்வுமாக 15 வேலை நாள் போகிறது, அதாவது 90 பீரியட். வேறு லீவே எடுக்காதவனாக இருந்தால் வந்தது 360, சதவீதம் 80. சர்டிஃபிகேட் வீட்டிலேயே இருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் இவன் அதற்கு முன்னால் அக்கா கல்யாணம், ஆயுத பூஜையை ஒட்டி ஊரில் நின்றது, தீபாவளிக்கு முன்னாலேயே கிளம்பியது என்று 7 நாள் எடுத்திருக்கிறான். அது 42 பீரியட். மொத்தம் விட்டது 132, வந்தது 318. சதவீதம் 70.67, அருகாக்கினால் 71. இப்போது சர்டிஃபிகேட் வேண்டும், அது இருந்தால் தேர்வு எழுதலாம். இன்னொரு 5 நாள், அதாவது 30 பீரியட் வேறு காரணத்துக்காகப் போயிருந்தால் வந்தது 288, சரியாக 64. டெங்கு உண்மை, ஆஸ்பத்திரி பில் உண்மை, சர்டிஃபிகேட்டில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் ஹால் டிக்கெட் கிடையாது.

விதி ஏன் இப்படி இருக்கிறது என்றால், விடக்கூடிய அந்த 25 சதவீதமே உடம்புக்கும் குடும்பத்துக்கும் என்று ஒதுக்கிய இடம். எல்லா வகுப்புக்கும் வர வேண்டும், ஆனால் தவிர்க்க முடியாத காரணங்கள் இருக்கும் என்பதால் 75 போதும் என்றுதான் ஒழுங்குமுறை தொடங்குகிறது. செமஸ்டர் தொடக்கத்தில் அதைத் தீர்த்துவிட்டால், பின்னால் காய்ச்சல் வரும்போது கையில் எதுவும் மிச்சம் இருக்காது.

எந்த மாதிரி சர்டிஃபிகேட்டை ஏத்துக்குவாங்க?

விதி குறிப்பிடுவது மூன்று: நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய். அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்ட நாட்களுக்கு மொத்தமாக "வைரல் காய்ச்சல்" என்று எழுதி வாங்கிய ஒரு தாள் இந்த மூன்றில் எதிலும் சேராது.

பார்க்கிறவர் முதலில் பார்ப்பது தேதி. சர்டிஃபிகேட் 4-ஆம் தேதி முதல் 18 வரை படுக்கை ஓய்வு என்கிறது, 12-ஆம் தேதி இன்டர்னல் தேர்வுத் தாள் கட்டில் மாணவரின் விடைத்தாள் இருக்கிறது. அத்தோடு அந்தச் சர்டிஃபிகேட்டின் கதை முடிந்தது. தேர்வுக்காக மட்டும் உண்மையிலேயே முடியாமல் வந்து எழுதியிருந்தால், அன்றே அட்வைசரிடம் சொல்லி எழுத்தில் பதிந்து வையுங்கள்.

அடுத்தது, எழுதிக் கொடுத்த தேதி. நோய் ஆகஸ்டில், சர்டிஃபிகேட் நவம்பரில் என்றால் சந்தேகம் வரும். குணமாகித் திரும்பும் அன்றே வாங்கிவிடுங்கள். மருத்துவரின் பெயர், பதிவு எண், முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரிதான் எல்லாவற்றையும் விட வலுவான தாள், ஏனென்றால் சேர்ந்த தேதியும் வெளியே வந்த தேதியும் அதில் இருக்கும். வீட்டில் இருந்தே சிகிச்சை என்றால் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய சர்டிஃபிகேட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அப்புறம் அது அட்டெண்டன்ஸ் பிரச்சினையாக இருக்காது, போலி ஆவணம் கொடுத்த பிரச்சினையாகிவிடும். வகுப்பில் உண்மையாகவே நோயில் விழுந்த இன்னொரு பிள்ளையின் சர்டிஃபிகேட்டையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது.

யாரிடம் கொடுக்கணும்? கண்டோனேஷனுக்கு எவ்வளவு கட்டணும்?

அட்வைசர், எச்.ஓ.டி. வழியாக முதல்வருக்குப் போகும். முதல்வர் சான்றொப்பம் இட வேண்டும். அதன் பிறகு அது தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் பதிவுக்காக அனுப்பப்படும். முடிவு நடைமுறையில் கல்லூரியில்தான் இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் நிற்பதால் பயனில்லை. "அனுமதிக்கப்படலாம்" என்பதுதான் விதியின் தொனி. சான்றிதழ் கொடுத்தவுடன் தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை.

கட்டணம் பற்றி ஒழுங்குமுறையின் கண்டோனேஷன் பிரிவில் ஒன்றும் இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகளில் கண்டோனேஷனுக்குக் கட்டணம் கட்டும் வழக்கம் இருப்பதால் இந்தக் கேள்வி இங்கேயும் வருகிறது. கல்லூரியில் பணம் கேட்டால் எதற்கான தொகை என்று கேட்டு, ரசீது வாங்குங்கள்.

சிம்போசியம், ஹேக்கத்தான் போனதுக்கு ஓ.டி. இருக்கே. அதை வைத்துக் கண்டோனேஷன் கேட்கலாமா?

கண்டோனேஷன் பிரிவில் உடல்நிலைக்கு அடுத்து இருப்பது விளையாட்டுப் போட்டி மட்டும்தான். அதற்குப் பங்கேற்புச் சான்றிதழ் வேண்டும், முதல்வரின் சான்றொப்பமும் வேண்டும். சிம்போசியத்துக்கு ஓ.டி. கொடுப்பது கல்லூரியின் வழக்கம். கிளம்புவதற்கு முன்பே கையெழுத்தான தாள் உங்களிடம் இருக்க வேண்டும். பங்கேற்றுவிட்டு வந்து மூன்று வாரம் கழித்துச் சான்றிதழை நீட்டினால் மதிப்பில்லை.

வந்த நாளுக்கும் ஆப்சென்ட் போட்டிருக்காங்க. இப்போ திருத்த முடியுமா?

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆசிரியர்கள் அட்டெண்டன்ஸ் பதிவேட்டை செமஸ்டரில் குறைந்தது மூன்று முறை எச்.ஓ.டி.யிடம் காட்ட வேண்டும். அட்டெண்டன்ஸ் பல்கலைக்கழக இணையதளத்திலும் பகுதி பகுதியாக ஏறும். அந்தப் பகுதி மூடுவதற்குள் சொன்னால் ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்து உடனே திருத்திவிடுவார். லேப் என்றால் அன்றைய அப்சர்வேஷன் நோட்டில் தேதியோடு கையெழுத்து இருக்கும், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எல்லாம் ஏறி முடிந்த பிறகு கேட்டால் ஆசிரியர் நினைத்தாலும் கஷ்டம்.

விபத்து நடந்து கால் முறிந்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் 65 வராது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது தெரியாமல் தவறவிடுகிறவர்களுக்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆறாவது வாரத்தில் தொடை எலும்பு முறிந்து எட்டு வாரம் வர முடியாது என்று வைத்துக்கொள்வோம். 40 நாள், 240 பீரியட். மீதி எல்லாவற்றுக்கும் வந்தாலும் 210 பீரியட்தான், 47 சதவீதம். மருத்துவர் எத்தனை வாரம் என்று சொன்ன அன்றே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். செமஸ்டர் முடியும் வரை காத்திருந்து, "இவ்வளவு பெரிய விபத்து, பார்த்துச் செய்வாங்க" என்று நம்புவது வேண்டாம். விதியில் அதற்கு இடமில்லை.

இதற்கான வழி, அனுமதி பெற்ற படிப்பு இடைவெளி. பிரேக் ஆஃப் ஸ்டடி என்பார்கள். மருத்துவக் காரணத்தோடு, எப்போது திரும்பச் சேர்வீர்கள் என்ற உத்தேசத் தேதியையும் எழுதி, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மாணவர் கட்டிலில் இருந்தால் அப்பாவோ அம்மாவோ வந்து கொடுக்கலாமா என்று கல்லூரியிடம் கேளுங்கள். அட்வைசர் பொதுவாக உதவுவார்.

எப்படியும் ஒரு வருடம் போகிறதே, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். அட்டெண்டன்ஸ் குறைவால் நிறுத்தப்பட்ட காலத்தை, பின்னால் படிப்பு இடைவெளியாக மாற்றிக்கொள்ள முடியாது. விதி அதை வெளிப்படையாகவே மறுக்கிறது. டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வாங்க 8.5 சி.ஜி.பி.ஏ.வும் எல்லாப் பாடத்திலும் முதல் முறையே தேர்ச்சியும் இருந்தால் போதாது. எந்த செமஸ்டரிலும் அட்டெண்டன்ஸ் குறைவால் தேர்வு எழுதாமல் நிறுத்தப்பட்டிருக்கவும் கூடாது. அனுமதி பெற்ற ஒரு வருட இடைவெளிக்கு அந்தத் தடை இல்லை, ஐந்து வருடத்துக்குள் முடித்தால் சரி. நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம் இவ்வளவு வித்தியாசத்தைச் செய்கிறது.

தேர்வில் இருந்து வித்ட்ராயல் வாங்கிக்கலாம்னு சீனியர் சொல்றாரே?

அது வேறு. அட்டெண்டன்ஸ் எல்லாம் சரியாக இருந்து, தேர்வு நேரத்தில் உடம்பு முடியாமல் போனவருக்கானது வித்ட்ராயல். தேர்வு எழுதத் தகுதி உள்ளவர் மட்டுமே கேட்க முடியும், அதுவும் படிப்புக் காலம் முழுக்க ஒரு செமஸ்டருக்குத்தான். 65-க்குக் கீழே இருப்பவருக்கு இது பொருந்தாது.

டிடெயின் ஆகிவிட்டால் அப்புறம் என்ன நடக்கும்?

ரிசல்ட் பட்டியலில் SA என்று வரும். அட்டெண்டன்ஸ் குறைவு என்று அர்த்தம். அதே செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் ஜூனியர்களோடு திரும்பப் படிக்க வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் நின்றால் அடுத்த மூன்றாம் செமஸ்டர் ஒரு வருடம் கழித்துத்தான் வரும். திரும்பச் சேரும்போது அமலில் இருக்கும் ஒழுங்குமுறை உங்களுக்குப் பொருந்தும். இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதலாகச் சில பாடங்கள் எழுத நேரலாம்.

டிஸ்டிங்ஷன் போய்விடும், ஆனால் முதல் வகுப்பு போகாது. நின்ற ஒரு வருடத்தையும் சேர்த்து ஐந்து வருடத்துக்குள் எல்லாப் பாடத்தையும் முடித்தால் அது கிடைக்கும். ஒட்டுமொத்தப் படிப்புக்கு மேல் வரம்பு 14 செமஸ்டர், லேட்டரல் என்ட்ரி என்றால் 12.

எக்ஸாம் ஃபீஸ் கட்டி, பதிவும் பண்ணியாச்சு. இனி நிறுத்த முடியாதுதானே?

முடியும். ஃபீஸ் கட்டுவது செமஸ்டர் நடுவில், இறுதி அட்டெண்டன்ஸ் முடிவாவது கடைசியில். பணம் கட்டியதால் தகுதி வந்துவிடாது.

அட்டெண்டன்ஸுக்காகத் தேர்வை நிறுத்தக் கூடாதுன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லிவிட்டதாமே?

2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது சட்டக் கல்லூரி மாணவர்களைப் பற்றி. ஒரு சட்ட மாணவரின் தற்கொலையை ஒட்டி நடந்த வழக்கு அது, பார் கவுன்சில் விதிகளைச் சுற்றியது. பொறியியல் கல்லூரிக்கு அதை நீட்டிக்க முடியாது, அந்தத் தீர்ப்பால் இங்கே ஒழுங்குமுறை மாறவும் இல்லை. அந்தச் செய்தித் துணுக்கை அச்செடுத்துக்கொண்டு முதல்வரைப் பார்க்கப் போவதைவிட, பாடவாரியான பீரியட் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.